ஒரு பைசா எங்கே போனது?

கல்லூரி நண்பர்கள் இருவர், ஒருவனின் தாய்மாமா நடத்தும் ஹார்டுவேர் கடைக்கு பில் போடும் செயலி எழுதினார்கள். முதல் நாளே மாமா பிடித்துவிட்டார்.

"கீல் விலை அம்பது ரூபா. வரி பிரிச்சுக் காட்டுற பில்லுல நாப்பத்தொம்பது தொண்ணூத்தொம்பதுன்னு வருதே மாப்ள?"

செயலி 50-ஐ 1.18-ஆல் வகுத்து 42.37 என்று அடிப்படை விலையைக் கண்டது. மத்திய, மாநில ஜிஎஸ்டி தலா 9 சதவீதம் என்பதால் இரண்டும் 3.81 ஆயின. மூன்றையும் தனித்தனியே பைசாவுக்கு முழுமையாக்கியதால் கூட்டுத்தொகை 49.99! கணக்குப் பிழையில்லை, வரிசைதான் தப்பு. வரி இரண்டையும் முதலில் முழுமையாக்கி, மொத்தத்திலிருந்து கழித்தார்கள். அடிப்படை விலை 42.38 ஆனது, பில்லும் சரியாக 50.

அடுத்த சிக்கல் குழாய். இருபதடிக் குழாயில் ஏழடி வெட்டிக் கொடுத்ததும், இருப்பு '13 அடி' என்றது செயலி. அப்படி மூன்று துண்டுகள் சேர்ந்தால் '39 அடி'. ஆனால் பதினைந்தடி கேட்டு வருபவருக்கு அதில் ஒன்றும் உதவாது. அளவைக் கூட்டாமல் துண்டுதோறும் தனி வரியாகப் பதிந்தார்கள். ஆணியையும் திருகையும் மாமா இன்றும் கண்மதிப்பில்தான் வாங்கிப் போடுகிறார். அவற்றின் இருப்பைச் செயலியில் ஏற்றவேயில்லை.