நியூயார்க்கில் ஒன்பது மணி, கோவையில் எத்தனை மணி?

வெளிநாட்டு நிறுவனங்களில் வீட்டிலிருந்தே செய்யும் வேலையைத் தேடுபவர்கள் அனுப்பும் மடல்களில் "எந்த நேரமும் வேலை செய்யத் தயார்" என்ற வரியை அடிக்கடி பார்க்கலாம். ஆர்வத்தில் எழுதுவதுதான். ஆனால் படிக்கும் மேலாளருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரிவதில்லை. தன் குழு வேலையில் இருக்கும்போது இவர் எத்தனை மணி நேரம் கூடவே இருப்பார் என்பதுதான் அவர் அறிய விரும்புவது. பதில் மடலில் இல்லையென்றால், அடுத்த மடலைத் திறந்துவிடுவார்.

கோவையில் இருக்கும் ஒரு தரவுத்தள நிர்வாகியை எடுத்துக்கொள்வோம். பதினான்கு ஆண்டு அனுபவம். மதியம் 12.30 முதல் இரவு 9.30 வரை வேலை செய்ய முடியும். அதற்கு மேல் வீட்டுச் சூழல் இடம் தராது. இந்த நேரத்தை அப்படியே எழுதி, பக்கத்தில் "ஐஎஸ்டி" என்று போட்டால் குழப்பம் வரும். அயர்லாந்தும் இஸ்ரேலும்கூடத் தங்கள் நேரத்தை அதே மூன்று எழுத்தால் குறிக்கின்றன. இந்திய நேரம் என்று முழுதாக எழுதி, உலகப் பொது நேரமான யுடிசியில் காலை 7 முதல் மாலை 4 வரை என்றும் சேர்ப்பது பாதுகாப்பு. அதோடு நிற்காமல், படிப்பவரின் கடிகாரத்துக்கும் கணக்கை நாமே போட்டுக்கொடுத்துவிட வேண்டும்.

பெர்லினுக்கு இது எளிது. கோடையில் அந்த ஊர் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். இரண்டு பருவத்திலும் அவர்களின் காலை 9 முதல் மாலை 5 வரை முழுவதும் நம்மவரின் வேலை நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது.

நியூயார்க்கில்தான் சிக்கல். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைத்திருப்பார்கள். அப்போது அவர்களின் காலை 9 நமக்கு மாலை 6.30. மற்ற மாதங்களில் இரவு 7.30. ஆக, 9.30க்கு எழுந்துவிடும் நம்மவருக்குக் கோடையில் மூன்று மணி நேரம், குளிர்காலத்தில் இரண்டே மணி நேரம்தான் அவர்களோடு சேர்ந்து கிடைக்கிறது. ஜூலையில் மடல் எழுதுபவர் "மூன்று மணி நேரம்" என்று மட்டும் சொல்லிச் சேர்ந்துவிட்டால், நவம்பரில் மாட்டிக்கொள்வார். நியூயார்க் நேரம் 11.30க்குக் குறித்த வாராந்தரக் கூட்டம், அதுவரை நமக்கு இரவு 9 மணி. கடிகாரம் மாறிய மறுநாளே 10 மணி. அங்கே யாரும் எதையும் மாற்றவில்லை, இங்கேதான் ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது.

அதனால் அவர் இப்படி எழுதுவது நல்லது:

"நான் இந்தியாவில் இருக்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை, யுடிசி 7 முதல் 16 வரை வேலை செய்வேன். நியூயார்க் நேரம் காலை 9 முதல் 11 வரை ஆண்டு முழுவதும் உங்கள் குழுவோடு இருப்பேன். உங்கள் கோடை நேரத்தில் 12 வரை. அதன்பின் கூட்டங்களுக்கு வர இயலாது. என் வேலை நாளின் முதல் இரண்டு மணி நேரம் உங்களுக்குப் பின்னிரவு. தரவுத்தளப் பதிப்பை உயர்த்துவது, அட்டவணைகளை மாற்றுவது போன்ற பராமரிப்பை அப்போது செய்துவிட்டு, நீங்கள் வருவதற்குள் குறிப்பு எழுதி வைத்துவிடுவேன்."

கடைசிப் பகுதியை அனுபவம் உள்ளவரால்தான் தைரியமாக எழுத முடியும். நமது 12.30 நியூயார்க்கில் கோடையில் அதிகாலை 3, குளிர்காலத்தில் 2. அங்குள்ள வாடிக்கையாளர்கள் தூங்கும் நேரம். தரவுத்தளத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தினாலும் பெரிதாகப் பாதிப்பு இராது. அந்த ஊர்க்காரர் ஒருவர் இந்த வேலைக்குக் கண்விழிக்க வேண்டும், நம்மவர் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்காரலாம். சேர்ந்து இருக்க முடியாத நேரத்துக்கும் இப்படி ஒரு மதிப்பு இருப்பதைப் பலர் எழுதாமல் விட்டுவிடுவது எனக்கு வருத்தம்.

நள்ளிரவில் தளம் விழுந்தால் அழைக்கலாமா என்பது வேறு விஷயம். அதைக் கூட்ட நேரத்தோடு கலக்காமல் தனி வரியில் எழுத வேண்டும்: மாதத்தில் ஒரு வாரம் முடியும், அல்லது முடியாது.

கலிபோர்னியா என்றால் இந்த வேலை நேரத்தில் துளியும் சேராது. கோடையில் அவர்களின் காலை 9 நமக்கு இரவு 9.30, நம்மவர் கணினியை மூடும் நேரம். நேரடிக் கூட்டம் தேவைப்படும் வேலையென்றால் அங்கே விண்ணப்பிக்காமல் இருப்பதே சரி.

நியூயார்க் நிறுவனம் ஒன்று "தினம் நான்கு மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டும்" என்று விளம்பரத்தில் கேட்டிருந்தால்? கோடையில் இரவு 10.30 வரை, குளிர்காலத்தில் 11.30 வரை உட்கார வேண்டிவரும். தினமும் முடியாது, வாரத்தில் இரண்டு நாள் முடியும் என்றால், அந்த இரண்டு நாளின் பெயரையும், அன்று வேலையைத் தாமதமாகத் தொடங்குவேன் என்பதையும் முதல் மடலிலேயே எழுதிவிடலாம். ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று அவர்கள் அப்போதே முடிவு செய்துகொள்வார்கள்.