கரிசலும் செம்மண்ணும் குடிக்கும் வேகம்

மண் எவ்வளவு வேகமாக நீரை உறிஞ்சுகிறது என்று அளக்க, 30, 60 செ.மீ. விட்டமுள்ள இரண்டு இரும்பு வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாகத் தரையில் இறக்கி, இரண்டிலும் நீர் ஊற்றுவார்கள். வெளிவளைய நீர் பக்கவாட்டுக் கசிவைத் தடுக்கும்; உள்வளையத்தில் மட்டம் இறங்குவதே கணக்கு. வெடித்துக் கிடக்கும் கரிசல் முதலில் செம்மண்ணையே மிஞ்சும். ஈரத்தில் உப்பி விரிசல் மூடியதும் வேகம் மணிக்குச் சில மில்லிமீட்டராகச் சரியும். வேகம் நிலைப்பட்ட பிறகே இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

ஓரிடத்து அளவு போதாது. ஒரே செம்மண் வயலில் மூன்று இடங்களில் மணிக்கு 18, 22, 50 மி.மீ. வந்ததாகக் கொள்வோம். சராசரி 30, அளந்த எந்த இடமும் அப்படி இல்லை. 50 வந்த இடத்தில் எறும்புப் புற்றோ வளையத்தின் ஓரக் கசிவோ இருக்கலாம், தோண்டிப் பாருங்கள். மூன்று எண்களையும் அப்படியே எழுதி, நடு அளவான 22-ஐச் சொல்வதே நேர்மை.