மலையாளம் வேண்டும், மாரத்தான் வேண்டுமா?

நம் ஊரில் பயோடேட்டா எழுதுவதற்கு ஒரு பழைய அச்சு உண்டு. பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, படிப்பு எல்லாம் முடிந்ததும் கடைசியில் இரண்டு வரிகள் வரும். 'தெரிந்த மொழிகள்: தமிழ், ஆங்கிலம்.' 'பொழுதுபோக்கு: புத்தகம் படிப்பது, பாட்டுக் கேட்பது, கிரிக்கெட்.' கல்லூரி முடித்த புதிதில் எழுதிய இந்த வரிகளை, இருபது ஆண்டு அனுபவம் சேர்ந்த பிறகும் பலர் அப்படியே வைத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் இணையதளத்துக்கோ கருத்தரங்க அழைப்பிதழுக்கோ நூறு சொல்லில் அறிமுகக் குறிப்பு கேட்டால், அதிலும் இவை வந்து உட்கார்ந்துகொள்கின்றன. வேறு சிலர் 'இதெல்லாம் சின்னப்பிள்ளைத்தனம்' என்று இரண்டையும் சேர்த்தே வெட்டிவிடுகிறார்கள்.

இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பதும் ஒன்றாக நீக்குவதும் சரியல்ல. மொழி ஒரு வேலைத் திறன். பொழுதுபோக்கு ஒருவரின் சொந்த வாழ்க்கை. எதைச் சேர்க்கலாம் என்று முடிவு செய்ய ஒரே கேள்வி போதும்: இந்த வரியைப் படிப்பவர், படித்ததால் வேறு விதமாக ஏதாவது செய்வாரா?

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் எலும்பு மூட்டு மருத்துவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மருத்துவமனையின் இணையதளத்துக்காக அவர் எழுதிக் கொடுத்த குறிப்பின் கடைசிப் பகுதி இப்படி இருக்கிறது: 'தாய்மொழி தெலுங்கு. தமிழ், ஆங்கிலம், மலையாளம், இந்தி அறிந்தவர். மாரத்தான் ஓட்டம், மலையேற்றம், கர்நாடக இசை ஆகியவற்றில் ஆர்வம் உள்ளவர்.'

இந்தப் பக்கத்தைப் படிப்பவர் நோயாளி, அல்லது அவருடைய மகனோ மகளோ. பாலக்காட்டிலிருந்து வரும் ஓர் அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால், எங்கே வலிக்கிறது, மாடிப்படி ஏறும்போதா இறங்கும்போதா என்பதையெல்லாம் தன் மொழியில் சொல்லத்தான் அவர் விரும்புவார். ஒரே தகுதியுள்ள இரண்டு மருத்துவர்களில் மலையாளம் பேசுபவரிடம் அவர் முன்பதிவு செய்வார். ஆகவே மலையாளம் இங்கே கண்டிப்பாக வேண்டும். வங்காளத்திலிருந்து நோயாளிகள் ஏராளமாக வரும் வேலூரில் இந்த இடத்தை வங்க மொழி பிடித்துக்கொள்ளும்.

ஆனால் 'அறிந்தவர்' என்று எழுதினால் போதாது. பேசத் தெரிவது வேறு, எழுதப் படிக்கத் தெரிவது வேறு. அந்த மொழியில் தொழில் செய்யத் தெரிவது இன்னொன்று. பழைய பயோடேட்டாவில் பேச, படிக்க, எழுத என்று கட்டம் போட்டு டிக் அடித்தார்களே, அந்தக் கட்டம் இந்த வேறுபாட்டையாவது காட்டியது. ஐரோப்பாவில் 2001-இல் வெளியான பொது மொழி அளவுகோல், ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாக இதைப் பிரிக்கிறது. வெளிநாட்டுச் செவிலியர்களிடம் ஜெர்மனி வழக்கமாகக் கேட்பது அதில் நான்காவது படியான பி2. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இப்படித் தேர்வெழுதிப் பெற்ற படியைக் குறிப்பிடுவது நல்லது. நோயாளி படிக்கும் பக்கத்தில் அந்த எழுத்துகளுக்குப் பொருள் இல்லை. 'மலையாளத்தில் நோயாளிகளுடன் பேசுவார்' என்ற வரி அங்கே போதும்.

இந்தியை என்ன செய்வது? அதற்கு ஒரு சோதனை உண்டு. அறுவை சிகிச்சையில் என்னென்ன ஆபத்து வரலாம், வீட்டுக்குப் போன பிறகு எந்த மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்பதை, ஆங்கிலத்தையோ பக்கத்தில் நிற்கும் செவிலியரையோ துணைக்கு அழைக்காமல் அவரால் இந்தியில் விளக்க முடியுமா? 'உட்காருங்கள், எத்தனை நாளாக வலி?' என்பதோடு நின்றுவிடும் என்றால் அந்த மொழியை எடுத்துவிட வேண்டும். அரைகுறையாகத் தெரிந்த மொழியைப் போட்டால், அதை நம்பி வரும் நோயாளி சம்மதப் படிவத்தில் புரியாமலே கையெழுத்துப் போடும் நிலை வரும். அதைவிடப் பெரிய தவறு இந்தக் குறிப்பால் நேர முடியாது.

'தாய்மொழி' என்ற சொல்லும் வேண்டாம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் கோவைப் பக்கம் நிறைய. அப்படி ஒருவர் தாய்மொழியை எழுதும்போது, படிப்பவர் அதைத் திறமையாகப் பார்ப்பதைவிட, 'எந்தச் சமூகம்' என்று கணக்குப் போடவே அதிகம் பயன்படுத்துவார். தெலுங்கில் நோயாளியைப் பார்க்க முடிந்தால், மற்ற மொழிகளுடன் அதையும் சேர்த்து எழுதினால் போதும்.

அடுத்தது பொழுதுபோக்கு. இங்கே கூடுதல் கவனம் தேவை. அமெரிக்காவில் லாரன் ரிவேரா, ஆண்ட்ராஷ் டில்சிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே மதிப்பெண், ஒரே அனுபவம் கொண்ட கற்பனைச் சட்ட மாணவர்களின் விண்ணப்பங்களைப் பெரிய வழக்கறிஞர் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். சிலவற்றில் பாய்மரப் படகு, போலோ, மேற்கத்தியச் செவ்வியல் இசை என்று போட்டார்கள். மற்றவற்றில் நண்பர்களோடு ஆடும் கால்பந்து, நாட்டுப்புறப் பாணிப் பாடல்கள். குடும்பப் பெயர், பெற்ற விருது போன்ற சில சின்னக் குறிப்புகளும் இதற்கேற்ப மாறின. பணக்காரக் குறிப்புகள் இருந்த ஆண்களில் ஏறக்குறைய 16 சதவீதத்தினருக்கு நேர்முக அழைப்பு வந்தது. எளிய குறிப்புகள் இருந்த ஆண்களுக்கு ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் வந்தது. பெண்களுக்கோ பணக்காரக் குறிப்பும் பெரிதாக உதவவில்லை.

பொழுதுபோக்கு வரியைப் படிப்பவர் அதில் விளையாட்டை மட்டும் பார்ப்பதில்லை, வர்க்கத்தையும் பார்க்கிறார் என்பதைத்தான் இது காட்டுகிறது. இதைப் பார்த்துவிட்டு எல்லோரும் போலோ என்று எழுதிவைப்பது தீர்வாகாது. தொழிலோடு தொடர்பில்லாத ஆர்வத்தை எழுதும்போது, நம்மை எடைபோட எந்தத் தராசு பயன்படும் என்பது நம் கையில் இல்லை. தொழிலோடு தொடர்புள்ளதை எழுதினால், படிப்பவர் அதைத் தொழிலோடு வைத்தே பார்ப்பார்.

நம் மருத்துவரின் பட்டியலில் மலையேற்றமும் இசையும் நோயாளிக்கு எந்த முடிவிலும் உதவாது. மாரத்தான் விஷயம் வேறு. ஓட்டக்காரர்களுக்கு வரும் முழங்கால், குதிகால் காயங்களை அவர் தனிக் கவனத்தோடு பார்ப்பவர் என்றால், தானும் ஓடுபவர் என்ற செய்திக்கு அங்கே இடம் உண்டு. 'ஓடுவதை நிறுத்து' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவாரோ என்று தயங்கும் ஓட்டக்காரர் அதைப் படித்து வருவார். ஆனால் ஓடுவது மருத்துவத் தகுதி ஆகாது. அதனால் பட்டம், பயிற்சி, சிகிச்சை அனுபவம் ஆகியவற்றுக்குப் பிறகுதான் அது வர வேண்டும். முதியோருக்கு மூட்டு மாற்று சிகிச்சை மட்டுமே செய்பவர் என்றால், மாரத்தானுக்கும் அங்கே வேலையில்லை.

திருத்திய வரிகள் இப்படி இருக்கும்: 'ஓட்டத்தாலும் விளையாட்டாலும் வரும் மூட்டுக் காயங்களுக்குச் சிகிச்சை அளிக்கிறார், தானும் நெடுந்தூரம் ஓடுபவர். தமிழ், ஆங்கிலம், மலையாளம், தெலுங்கு மொழிகளில் நோயாளிகளுடன் பேசுவார்.'

இதே மருத்துவர் கருத்தரங்கில் ஆங்கிலத்தில் பேசப் போனால் மொழிப் பட்டியலை எடுத்துவிடலாம், அங்கே அது யாருக்கும் பயன்படாது. மேடையில் அறிமுகம் செய்பவருக்கு ஒரு மனிதத் தொடுப்பு தேவைப்படும் என்பதால், மாரத்தானோ இசையோ ஒன்று மட்டும் கடைசி வரியில் இருக்கலாம்.

சில தொழில்களில் இந்த முடிவே நம்மிடம் இல்லை. இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. 2008-இல் வந்த திருத்தம், இணையதளத்தில் பெயர், தொடர்பு விவரம், பதிவு விவரங்கள், கல்வித் தகுதி, எந்தத் துறையில் வழக்காடுகிறார் என்பது போன்ற குறிப்பிட்ட தகவல்களை மட்டும் அனுமதித்தது. அந்தப் பட்டியலில் மொழியும் இல்லை, பொழுதுபோக்கும் இல்லை. எனவே குறிப்பை எழுதத் தொடங்கும் முன், உங்கள் தொழிலுக்கு இப்படி விதி உண்டா என்று பார்த்துவிடுங்கள். விதி இடம் கொடுத்தால், வேலை செய்யக்கூடிய மொழிகளை மட்டும் எழுதுங்கள். பொழுதுபோக்கில், செய்யும் வேலையைப் பற்றிப் படிப்பவருக்கு ஏதாவது சொல்லும் ஒன்று இருந்தால் அதை மட்டும் வையுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் அந்த வரியே வேண்டாம். மிச்சமாகும் இடத்தில் இன்னொரு வேலை அனுபவத்தை எழுதலாம்.