‘தையல்’ என்று போடுவதா, ‘அடி நூல் சிக்கல்’ என்று போடுவதா?

ஒரு தையல்கார அக்கா யூடியூப் சேனல் தொடங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 38 சப்ஸ்கிரைபர்கள்; அதில் பாதி சொந்தக்காரர்கள். தையல் மெஷினில் அடி நூல் கொத்தாகச் சிக்கிக்கொள்வதைச் சரிசெய்யும் 4 நிமிட வீடியோ ஒன்றை எடுத்துவிட்டார். பதிவேற்றும் பக்கத்தில் ‘Show more’ என்பதை அழுத்தினால் கீழே ‘Tags’ என்று ஒரு பெட்டி வருகிறது. அதில் tailoring, stitching, fashion, tamil என்று அடுக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்.

இங்கேதான் கோளாறு. ‘tailoring’ என்று தேடுகிறவருக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே தெரியாது. பிளவுஸ் வெட்டவா, மெஷின் வாங்கவா, வகுப்பில் சேரவா? அந்தச் சொல்லுக்கு வந்து நிற்கும் வீடியோக்களோ பல ஆண்டுகளாகப் பார்வைகளைச் சேர்த்தவை. அந்த வரிசையில் நம் அக்காவின் வீடியோ எங்கோ கடைசியில் கிடக்கும். மாறாக, ‘தையல் மெஷின் அடி நூல் சிக்கல்’ என்று தேடுகிறவர் பாதி தைத்த துணியோடு உட்கார்ந்திருக்கிறார். ஆட்கள் குறைவுதான். ஆனால் வந்தவர் கடைசிவரை பார்ப்பார். சின்ன சேனலுக்கு அந்த முழுப் பார்வைதான் முதல்.

அதற்காகக் குறிப்பான டேக் போட்டதுமே கூட்டம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வீடியோவைக் கண்டுபிடிப்பதில் டேகுகளின் பங்கு மிகச் சிறியது, தலைப்பும் முகப்புப் படமும் விளக்கமும்தான் முக்கியம் என்று யூடியூபே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. ஆகவே எந்தத் தேடலைக் குறிவைக்கிறோம் என்பதை முதலில் முடிவுசெய்து, அந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைக்க வேண்டும். டேக் அதற்குத் துணை.

அப்படியானால் அந்தப் பெட்டி எதற்கு? மக்கள் அடிக்கடி பிழையாகத் தட்டும் சொற்களுக்கு அது உதவும் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. தமிழர்களுக்கு இது சாதாரண உதவியல்ல. நம் ஆட்கள் ஒரே பொருளை எத்தனை விதமாகத் தட்டுகிறார்கள் பாருங்கள்: மெஷின், மிஷின், மிஷன், machine, thaiyal, thayal, nool, nul. இத்தனையையும் தலைப்பில் திணித்தால் அசிங்கமாக இருக்கும். டேகில் திணிக்கலாம், யார் கண்ணிலும் படாது. அக்காவின் பெட்டி இப்படி இருக்கலாம்:

```
தையல் மெஷின் அடி நூல் சிக்கல்,
தையல் மிஷின் நூல் சிக்குது,
thaiyal machine nool sikkal,
thayal machine repair tamil,
tailoring tamil
```

கடைசியில் உள்ள ஒன்றுதான் பரந்த டேக். வீடியோ எந்தத் துறையைச் சேர்ந்தது என்று காட்ட ஒன்றிரண்டு போதும். பெட்டியில் 500 எழுத்துக்குறிகள்வரை இடமுண்டு என்பதற்காக அதை நிரப்பியாக வேண்டும் என்பதில்லை.

எவ்வளவு குறுக்குவது என்பதுதான் கையில் பிடிபடாத இடம். யூடியூப் தேடல் பெட்டியில் ‘தையல் மெஷின்’ என்று தட்டி நிறுத்துங்கள். கீழே விரியும் பரிந்துரைகள் பெரும்பாலும் மற்றவர்கள் தேடியவை. உங்கள் கணக்கின் பழைய தேடல்கள் கலக்காமலிருக்க, மறைநிலை ஜன்னலில் செய்வது நல்லது. நீங்கள் நினைத்த சொற்றொடர் எந்த வடிவத்திலும் அங்கே எட்டிப் பார்க்கவில்லை என்றால் அளவுக்கு மீறிக் குறுக்கிவிட்டீர்கள். உங்கள் மெஷினின் மாடல் எண்ணோடு சேர்த்துத் தேடுகிறவர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். வந்தால், அதையே அழுத்தி முதல் பத்து வீடியோக்களைப் பாருங்கள். எல்லாமே அதே சிக்கலை நேராகச் சொல்லும் பெரிய சேனல்கள் என்றால் இன்னும் ஒரு படி இறங்குங்கள். நடுவில் சம்பந்தமில்லாத பிளவுஸ் வீடியோக்கள் வந்தால் அங்கே உங்களுக்கு இடம் காலி.

அந்த ஒரு படி பெரும்பாலும் வேலைக்குள்ளேயே இருக்கும். அடியில் நூல் கொத்தானால் பலரும் பாபினைத்தான் கழற்றுவார்கள். குற்றவாளி பெரும்பாலும் மேல் நூல்தான். துணியை அழுத்தும் ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டே நூல் கோத்தால், டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் சரியாக உட்காராது. ‘பாபின் சரியாக இருந்தும் அடி நூல் சிக்குதா?’ என்று தலைப்பு வைத்தால் அது தொழில் தெரிந்தவர் வைத்த தலைப்பு.

பார்வைக்காக நடிகர் பெயரை டேகில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தவறாக வழிகாட்டும் டேகுகள் யூடியூப் விதிக்கு எதிரானவை. டேகுகளை அள்ளி விளக்கப் பகுதியில் கொட்டுவதும் அப்படித்தான், வீடியோவே நீக்கப்படலாம்.

ஒரு மாதம் கழித்து ஸ்டுடியோவின் Analytics பகுதியில், பார்வையாளர்கள் வந்த வழிகளில் ‘YouTube search’ என்பதைத் திறந்து பாருங்கள். எந்தச் சொற்களைத் தட்டி வந்தார்கள் என்று அங்கே தெரியும். பார்வைகள் மிகக் குறைவாக இருந்தால் பட்டியல் காலியாகவே கிடக்கும். அதைக் கண்டு டேகுகளைத் தினமும் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். ‘மிஷன் நூல் அறுந்து போகுது’ என்று நீங்கள் எதிர்பாராத ஒன்று அங்கே இருந்தால், அடுத்த வீடியோவை அதற்கே எடுங்கள்.