நஷ்டஈட்டில் ஒரு கால் பங்கு

இங்கிலாந்தின் டெர்பி நகரத்தில், வீட்டைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தெருவின் ஒரு பகுதியில் கழி ஒன்றைக் குறுக்கே போட்டுவைத்திருக்க, விளக்கேற்றும் அந்தி வேளையில் மதுக்கடையிலிருந்து புறப்பட்டுக் குதிரையை வெகு வேகமாக விரட்டிவந்த மற்றொருவர் அதில் மோதிக் கீழே விழுந்து பலத்த காயமடைந்தார். நூறு கஜ தூரத்திலிருந்தே அந்தக் கழி கண்ணுக்குத் தெரியும்படி வெளிச்சம் இருந்தது என்று சாட்சியம் வந்தபடியால், காயம்பட்டவரும் தம் பங்குக்கு அஜாக்கிரதையாக இருந்தார் என்று சொல்லி, அவருக்கு ஒரு காசும் கிடையாது என 1809இல் நியாயாதிபதிகள் தீர்த்துவிட்டார்கள். பொதுத் தெருவை அடைத்தவர் தம்முடைய குற்றத்துக்கு யாதொரு பதிலும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்ட இந்த விநோத நியாயம் அந்நாட்டில் நூற்று முப்பத்தாறு ஆண்டுகள் நிலைத்திருந்து, 1945இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தினால்தான் முடிவுக்கு வந்தது. வாதியின் தவறு அவருடைய வழக்கை அழிக்காது. அவருடைய பொறுப்பின் அளவுக்கு நஷ்டஈட்டுத் தொகையைக் குறைக்கும், அவ்வளவே என்பது அந்தச் சட்டத்தின் சாரம்.

இந்தியாவில் இதற்கென்று நாடு முழுவதற்கும் பொதுவான தனிச் சட்டம் இல்லையாயினும், அதே பங்கீட்டு முறையை நம் நீதிமன்றங்கள் கைக்கொண்டு வருகின்றன. வாதியின் இத்தகைய தவறை வக்கீல்கள் பங்களிப்பு அஜாக்கிரதை என்பார்கள். சாதாரண ஜனங்கள் இதைச் சந்திக்கும் இடம் பெரும்பாலும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமே ஆகையால், அங்கே வரக்கூடிய ஒரு வழக்கை உதாரணமாகக் கற்பித்துக்கொள்வோம்.

முப்பத்திரண்டு வயதுத் தையற்காரர் ஒருவர், பின்னால் தம்பியையும் தம்பியின் சிநேகிதனையும் ஏற்றிக்கொண்டு, இரவு பத்து மணிக்கு நெடுஞ்சாலையில் ஸ்கூட்டரில் வருகிறார். டயர் வெடித்த லாரி ஒன்று, பின்விளக்கும் எரியாமல், எச்சரிக்கை முக்கோணமும் வைக்கப்படாமல், பாதி உடம்பைச் சாலையில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஸ்கூட்டர் அதில் மோத, மார்பெலும்புகள் நொறுங்கித் தையற்காரர் இறந்துபோகிறார். தம்பிக்குக் கால் முறிகிறது. மனைவியும் இரு குழந்தைகளும் தாயாரும் இழப்பீடு கேட்டு மனுச் செய்ய, லாரியின் இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் எதிருரையில், மூன்று பேர் போனார்கள், லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது, ஹெல்மெட் இல்லை, அதிவேகம் என்று வரிசையாக அடுக்குகிறது.

இந்த வரிசையைக் கண்டதும் மனுதாரர்கள் மனம் தளர்ந்து, கிடைத்ததை வாங்கிக்கொண்டு போகலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். இந்த விஷயத்தில் நேரும் நஷ்டங்களில் மிகப் பெரியது இதுவென்றே நான் கருதுகிறேன். சட்டத்தை மீறுவது வேறு, விபத்துக்குக் காரணமாவது வேறு. முன்னதற்குப் போலீஸார் அபராதம் விதிக்கலாம். நஷ்டஈட்டைக் குறைப்பதற்கோ, அந்த மீறல் விபத்தையோ காயத்தையோ உண்டாக்கியது என்ற காரணச் சங்கிலி நிரூபணமாகவேண்டும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது மாத்திரமே பங்களிப்பு அஜாக்கிரதை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சொல்லியிருக்கிறது. மோட்டார் சைக்கிளில் மூவர் சென்ற ஒரு வழக்கில், அதற்காகவே உயர் நீதிமன்றம் பத்து சதவீதம் குறைத்திருந்ததை, பின்னாலிருந்து கார் மோதியதற்கும் மூவர் உட்கார்ந்திருந்ததற்கும் தொடர்பு காட்டப்படவில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. மூன்றாம் ஆளின் பாரத்தினால் வண்டி தடுமாறியது என்று சாட்சியம் இருந்தால் மட்டுமே அந்தக் குற்றச்சாட்டுக்கு உயிர் உண்டு.

ஹெல்மெட் விஷயம் சற்று நுட்பமானது. அது விபத்தை உண்டாக்குவதில்லை, காயத்தை மிகுவிக்கிறது. காரில் இருக்கைப் பட்டை அணியாத ஒருவரின் வழக்கில் 1975இல் இங்கிலாந்தின் டென்னிங் பிரபு வகுத்த அளவுகோல் இதற்கு நல்ல வெளிச்சம் தருகிறது: பட்டை அணிந்திருந்தால் காயமே ஏற்பட்டிராது என்றால் இருபத்தைந்து சதவீதம் குறைக்கலாம், காயம் இலேசாகியிருக்கும் என்றால் பதினைந்து சதவீதம், எப்படியிருந்தாலும் அதே காயம்தான் என்றால் ஒன்றும் குறைக்கலாகாது. நம் தையற்காரர் இறந்தது மார்பில் பட்ட அடியினால். ஆகவே ஹெல்மெட் வாதத்துக்குப் பிரேதப் பரிசோதனை அறிக்கையே பதில் சொல்லிவிடும். தலைக்காயமாக இருந்திருந்தால் கதை வேறு.

மிஞ்சுவது வேகம். இதை மெய்ப்பிக்கும் பாரம் கம்பெனியைச் சேர்ந்தது. லாரி டிரைவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாமல், முதல் தகவல் அறிக்கையில் ஸ்கூட்டர்காரர்மீது குற்றம் எழுதியிருக்கிறது என்பதையும், மகஜரோடு சேர்ந்த வரைபடத்தையும் மட்டும் காட்டிப் பயனில்லை. வண்டிகள் கிடந்த நிலையைக் காட்டும் படம் நேரடிச் சாட்சியத்துக்கு ஈடாகாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. விளக்கோ எச்சரிக்கையோ இன்றி நெடுஞ்சாலையின் நடுவே விடப்பட்ட டிரெய்லர் லாரியில் கார் மோதிய வழக்கில், காரோட்டிக்குக் கீழ்நீதிமன்றங்கள் சுமத்திய பங்கை அதே நீதிமன்றம் 2024இல் நீக்கியும் இருக்கிறது.

ஆயினும் பின்னால் வந்த பஸ்ஸின் கண்டக்டர் வேகத்தைக் குறித்து நம்பத்தக்க சாட்சியம் சொல்லி, தையற்காரரின் பங்கு இருபத்தைந்து சதவீதம் என்று தீர்ப்பாயம் கண்டதாக வைத்துக்கொள்வோம். அவர் மாத வருமானம் ரூ.15,000. நாற்பது வயதுக்கு உட்பட்ட சுயதொழில்காரர் என்பதால் வருங்கால உயர்வுக்காக நாற்பது சதவீதம் சேர்த்தால் ரூ.21,000, நம்பியிருப்போர் நால்வர் ஆகையால் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் ரூ.15,750, ஆண்டுக்கு ரூ.1,89,000. அவர் வயதுக்குரிய பெருக்கெண் 16. ஆக ரூ.30,24,000. இதன்பிறகே கால் பங்கான ரூ.7,56,000 கழிக்கப்பட்டு, ரூ.22,68,000 நிற்கும். ஈமச் செலவு முதலிய தலைப்புகளில் சேரும் தொகைகளுக்கும் இதே விகிதம்தான். குறைப்பு என்பது கடைசியில் ஒருமுறை செய்யப்படுவது. வேகமாக ஓட்டினார் என்பதற்காக வருமானத்தையும் குறைத்து மதிப்பிட்டு, முடிவில் சதவீதத்தையும் கழித்திருந்தால், ஒரே தவறுக்கு இரண்டு தண்டனை ஆகிவிடும். தீர்ப்பு நகலில் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுவே.

அதே ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த தம்பியின் மனு முற்றிலும் வேறு. அவர் வண்டியை ஓட்டவில்லை. அண்ணனின் வேகம் அவருடைய அஜாக்கிரதை ஆகாது. இருவர் தவறினால் மூன்றாமவர் காயமுறுவது கூட்டு அஜாக்கிரதை எனப்படும். அத்தகையவர் தம் முழுத் தொகையையும் இருவரில் எவரிடமிருந்தும் வசூலிக்கலாம் என்பதும், அவர்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்வது அவர்கள் பாடு என்பதும் 2015இல் உறுதிப்பட்ட விதி. தம்பியின் மனுவிலும் கம்பெனியார் இருபத்தைந்து சதவீதம் கழிக்கச் சொன்னால், அதற்கு இடமில்லை என்று உடனே ஆட்சேபிக்கவேண்டும்.

வேகத்துக்கான சாட்சியம் மிகவும் பாதகமாக இருக்குமென்று தோன்றினால் மற்றொரு வழியும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்கீழ், யார் தவறு என்பதையே நிரூபிக்காமல், மரணத்துக்கு ஐந்து லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கலாம். மேலே கண்ட கணக்கோடு ஒப்பிட்டால் இது சொற்பமே. முக்கால் பங்கு கிடைக்கும் வழக்கை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் நஷ்டம்.

விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும் என்ற நிபந்தனை 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் மீண்டும் இடம்பெற்றிருக்கிறது. தீர்ப்பாயம் விதித்த சதவீதம் அநியாயம் என்று தோன்றினால், உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யத் தீர்ப்பு தேதியிலிருந்து தொண்ணூறு நாள் அவகாசம் உண்டு.