அஷ்டமி காலையில் ஓர் அரிவாள்மனை

துர்கா பூஜை வந்துவிட்டால் கொல்கத்தாவில் அலுவலகம் என்று ஒன்று கிடையாது. சஷ்டி முதல் தசமி வரை ஐந்து நாளும் ஊரே தெருவில்தான். வெளியூரிலிருந்து இன்டர்ன்ஷிப்புக்கு வந்தவர்களுக்கோ அவ்வளவு வெறுமையான நாட்கள் வேறில்லை. பி.ஜி. விடுதியில் சமைக்கும் மாஷி ஊருக்குப் போய்விடுவார். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுவதால், ஒரு மாதத்துக்கு முன் வேலையில் சேர்ந்தவருக்கு டிக்கெட்டும் கிடைக்காது.

அப்படி மாட்டிக்கொண்ட ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். திண்டுக்கல் பெண். சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் இன்டர்ன். வீட்டில் கொலு வைத்திருந்தார்கள். அம்மா தினமும் வீடியோ காலில் சுண்டலைக் காட்டினாள்.

சப்தமி இரவு அவள் தனியாகப் புறப்பட்டு, ஊரே பேசும் பெரிய பந்தல் ஒன்றுக்குப் போனாள். மூங்கில் தடுப்புக்குள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வரிசையில் நகர்ந்தாள். அம்மன் முன்னால் ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. 'நகருங்க, நகருங்க' என்று தொண்டர்கள் வெளியே அனுப்பிவிட்டார்கள். அத்தனை லட்சம் பேருக்கு நடுவில் ஒருவரும் அவளோடு பேசவில்லை. பேசவும் வழியில்லை. அந்தப் பந்தல்கள் பார்ப்பதற்கானவை. துணை தேடிப் போகிறவருக்கு அங்கே இடமில்லை.

துணை கிடைப்பது குடியிருப்புக்காரர்கள் சந்தா போட்டு நடத்தும் சின்னப் பந்தலில். சால்ட் லேக்கில் ஏறக்குறைய ஒவ்வொரு பிளாக்கும் தனக்கென்று ஒரு பூஜை நடத்துகிறது. அங்கே எந்நேரமும் வேலை இருக்கும், ஆள் போதாது. புதியவருக்குக் கதவு திறப்பது இதனால்தான்.

அஷ்டமி காலையில் பசியோடு டீக்கடை தேடிப் போனவள், விடுதிக்கு அடுத்த பிளாக்கின் பந்தலருகே நின்றாள். உள்ளே நாலைந்து பெண்கள் நைவேத்தியத்துக்குப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையாண்டது கத்தி அல்ல, போந்தி. அதாவது நம் பாட்டி வீட்டு அரிவாள்மனை. அதில் உட்கார்ந்திருந்த அம்மாள் தலைநிமிர்ந்து, இந்தியில் கேட்டார்.

"ஊருக்குப் போகலையாம்மா?"

"டிக்கெட் கிடைக்கல, காக்கிமா."

"குளிச்சாச்சா? ஏதாவது சாப்பிட்டியா?"

"குளிச்சிட்டேன். இன்னும் சாப்பிடல."

"அப்போ செருப்பைக் கழட்டிட்டு வா."

நைவேத்திய வேலைக்குக் குளித்திருக்க வேண்டும். அஞ்சலி முடியும் வரை சாப்பிடவும் கூடாது. அதற்காகத்தான் அந்தக் கேள்விகள். அவள் போந்தியின் பலகையை ஒரு காலால் அழுத்தி உட்கார்ந்து, ஆப்பிளை அலகுக்கு எதிரே தள்ளித் தள்ளி நறுக்கியதும் காக்கிமாவுக்கு ஆச்சரியம். "உங்க ஊர்லயும் போந்தி உண்டா?" பேச்சு அங்கிருந்து தொடங்கியது.

பத்து மணிக்குப் புஷ்பாஞ்சலி. கூட்டம் கூட்டமாக முன்னால் போய்ப் பூவைக் கையில் வாங்கிக்கொண்டு, புரோகிதர் மைக்கில் சொல்லும் மந்திரத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்று முறை. பிறகு பந்தலின் பக்கத்தில் வரிசையாக உட்கார வைத்து போக் பரிமாறினார்கள். பச்சரிசியும் வறுத்த பாசிப்பருப்பும் குழைந்த கிச்சுரி, காய்கள் கலந்த லாப்ரா, கத்தரிக்காய் பஜ்ஜி, தக்காளி சட்னி, பாயேஷ். இந்தச் சட்னி இனிக்கும். தொட்டுக்கொள்ள அல்ல, சாப்பாட்டின் கடைசியில் தனியாகச் சாப்பிட. அவள் அதைக் கிச்சுரியோடு பிசைய, எதிரே இருந்த பையன்கள் சிரித்தார்கள்; அவளும் சிரித்தாள்.

அஷ்டமியின் கடைசி 24 நிமிடமும் நவமியின் முதல் 24 நிமிடமும் சேர்ந்ததுதான் சந்தி பூஜை. அதற்கு 108 தாமரை, 108 விளக்கு. மொட்டாக வரும் தாமரையின் இதழ்களை ஒவ்வொன்றாக மடித்து விரிக்க வேண்டும்; எல்லா விளக்குக்கும் திரி போட்டு எண்ணெய் ஊற்ற வேண்டும். பஞ்சாங்கம் சொல்லும் நேரம் தவறக் கூடாது. அதனால் மதியம் அவளை யாரும் விடுதிக்கு அனுப்பவில்லை. தாமரைக் கூடையை மடியில் வைத்தார்கள். மறுநாள் நவமியன்று, "இன்னிக்கு எங்க ஊர்ல சரஸ்வதி பூஜை" என்றாள். "எங்களுக்கு அது தை மாச வாக்கில்தான் வரும். புத்தகத்தை அன்னிக்கு வைப்போம். அப்பவும் நீ இருப்பியா?" என்று காக்கிமா கேட்டார்.

இந்தப் பெண் கற்பனை. முறைகளும் வேலைகளும் அப்படியே உள்ளவை. எல்லாப் பந்தலும் இப்படி இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். சில குடியிருப்புகளில் போக் சந்தாதாரர்களுக்கு மட்டும்தான். கூப்பன் முன்னதாகவே தீர்ந்துவிடும். ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளை கொல்கத்தாவில் பூஜைக்குத் தனியாக இருக்க நேர்ந்தால், சஷ்டி மாலையே விடுதிக்குப் பக்கத்துப் பந்தலுக்குப் போய்க் கமிட்டி மேசையில் இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள்: அஞ்சலி எத்தனை மணிக்கு, போக் கூப்பன் கிடைக்குமா. தசமியோடு பழக்கத்தை விட்டுவிடவும் வேண்டாம். அன்றிலிருந்து காளி பூஜை வரை, இனிப்போடு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பெரியவர்கள் காலைத் தொட்டு பிஜயா வாழ்த்துச் சொல்வது அந்த ஊர் வழக்கம். அழைப்பு தேவையில்லை.