முதுகெலும்பு லேசாக வளைந்தவர்களுக்கான எடைப் பயிற்சி

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, வளைந்த இடத்திலேயே சற்றுத் திருகியும் நிற்கும் நிலைக்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் வளைவு 10 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால்தான் மருத்துவர்கள் இந்தப் பெயரைச் சொல்வார்கள். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜான் கோப் 1948இல் விளக்கிய முறைப்படி, வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் அதிகம் சாய்ந்திருக்கும் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள கோணம் அளக்கப்படுகிறது. 10 முதல் 25 டிகிரி வரை உள்ளதை லேசான வளைவு என்பது வழக்கம். பெரும்பாலானவை காரணம் தெரியாமல் பதின்பருவத்தில் தோன்றுபவை. அவற்றில் நடுமுதுகில் வலப்பக்கமாகத் தள்ளி நிற்கும் வளைவே அதிகம் காணப்படுகிறது.

வளைவு வெளியே தள்ளி நிற்கும் பக்கத்தைப் புடைத்த பக்கம் என்றும், உள்வாங்கிய பக்கத்தைக் குழிந்த பக்கம் என்றும் கொள்ளலாம். நடுமுதுகில் முள்ளெலும்புகள் திருகும்போது அவற்றோடு இணைந்த விலா எலும்புகளும் திரும்புகின்றன. குனிந்து நிற்பவரின் முதுகைப் பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் மேடாகத் தெரிவது இதனால்தான். எடை தூக்குபவருக்கு இந்த மேடு முக்கியமானது. பார்பெல் தோளில் சமமாக உட்காராமல் போவதற்கும், ஒரு தோள்பட்டை எலும்பு மற்றதைவிட வெளியே தள்ளித் தெரிவதற்கும் இதுவே காரணம்.

உடல் வளர்ச்சி முடிந்த பிறகு, 30 டிகிரிக்குக் குறைவான வளைவு பொதுவாக மேலும் கூடுவதில்லை. ஆகவே வலி இல்லாத, வளர்ந்த ஒருவர் லேசான வளைவை மட்டும் காரணம் காட்டி எடைப் பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. அமெரிக்கப் பளுதூக்கும் வீரர் லாமர் கான்ட் கடுமையான வளைவுடனேயே 1980களில் தன் உடல் எடையைப் போல் ஐந்து மடங்கை டெட்லிஃப்டில் தூக்கினார். அது விதிவிலக்கான ஒரு வீரரின் சாதனை. மற்றவர்களுக்கான இலக்கு அல்ல. வளைந்த முதுகும் பாரம் தாங்கப் பழகும் என்பதற்கு மட்டும் அது சான்று. அதே நேரத்தில், வளர்ந்தவரின் எலும்பில் நிலைத்துவிட்ட வளைவை எடைப் பயிற்சி நிமிர்த்திவிடாது. பயிற்சியின் நோக்கம் இரண்டு: பாரம் ஏறும்போதும் முதுகைத் தன்னால் இயன்ற அளவு நீட்டி நிறுத்தப் பழகுவது, இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வலிமை வேறுபாடு பெருகாமல் பார்த்துக்கொள்வது. இருபக்கப் பயிற்சிகள் முதல் வேலைக்கும், ஒருபக்கப் பயிற்சிகள் இரண்டாவது வேலைக்கும் உதவுகின்றன.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சிலருக்கு ஒரு கால் சற்றுக் குட்டையாக இருப்பதாலேயே முதுகு வளைந்து தெரியும். அப்படிப்பட்ட வளைவு உட்காரும்போது பெரும்பாலும் மறைந்துவிடும். அவருக்குத் தேவை காலணிக்குள் வைக்கும் தாங்கியாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவது எலும்பு மருத்துவர் அல்லது பிசியோதெரபிஸ்டின் வேலை. வளைவு எந்தப் பக்கம், எந்த இடத்தில், எத்தனை டிகிரி என்ற மூன்றும் கையில் இருந்தால்தான் பயிற்சியைத் தேர்வு செய்ய முடியும்.

இருபக்கப் பயிற்சிகளில் அதிக எடையைத் தூக்க முடியும் என்பதால் திட்டத்தின் முதுகெலும்பு அவையே. ஆனால் எல்லா வகையும் ஒன்றல்ல. பார்பெல்லை முதுகில் சுமக்கும் ஸ்குவாட்டில் கம்பி விலா மேட்டின்மீது சாய்ந்து உட்காரலாம். ஆகவே தொடக்கத்தில் ஒரே டம்பெல்லை மார்போடு அணைத்துப் பிடிக்கும் காப்லெட் ஸ்குவாட் எளிது. எடை நடுவில் இருப்பதால் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது உடனே தெரிகிறது. டெட்லிஃப்டுக்கு, உள்ளே நின்று இருபுறமும் பிடிக்கும் அறுகோணக் கம்பி நல்லது. அது இல்லாத ஜிம்மில் கைக்கு ஒன்றாக இரண்டு டம்பெல்கள் போதும். பார்பெல்தான் என்றால் இரு கைகளின் மேற்புறமும் முன்னே பார்க்கும்படி பிடிக்க வேண்டும். ஒரு உள்ளங்கை முன்னும் மற்றது பின்னும் பார்க்கும் கலப்புப் பிடி தோள்களை எதிரெதிராகத் திருப்பும். ஏற்கெனவே திருகிய முதுகுக்கு அந்தக் கூடுதல் திருகல் வேண்டாம். பிடி தளர்ந்தால் மணிக்கட்டுப் பட்டை கட்டிக்கொள்ளலாம். மார்புக்கான பென்ச் பிரஸ்ஸிலும் பார்பெல்லைவிட டம்பெல்கள் நல்லவை, ஏனெனில் ஒவ்வொரு தோளும் தனக்கு ஏற்ற பாதையில் நகரும்.

ஒருபக்கப் பயிற்சிகள் ஒளிந்திருக்கும் வேறுபாட்டை வெளிக்கொணர்கின்றன. இருபக்கப் பயிற்சியில் வலுவான பக்கம் வலுவற்ற பக்கத்தின் வேலையையும் செய்துவிடும். ஒரு கையால் இழுக்கும்போது அப்படி மறைக்க முடியாது. பென்ச்சில் ஒரு கையை ஊன்றிச் செய்யும் ஒற்றைக் கை ரோ, ஒரு காலை முன்வைத்துச் செய்யும் ஸ்பிளிட் ஸ்குவாட், ஒரு கையில் மட்டும் எடையைப் பெட்டி போல் தொங்கவிட்டு நடக்கும் சூட்கேஸ் கேரி, பக்கவாட்டு பிளாங்க் ஆகிய நான்கும் பெரும்பாலானோருக்குப் போதும். சூட்கேஸ் கேரியில் வலக்கையில் எடை இருந்தால், உடம்பு வலப்பக்கம் சாய்ந்துவிடாமல் தடுக்க இடப்பக்க இடுப்புத் தசைகளே அதிகம் உழைக்கின்றன. எடையைக் கை மாற்றிப் பார்த்தால் எந்தப் பக்கத்தில் நிலை தளர்கிறது என்பது சில அடிகளிலேயே தெரிந்துவிடும்.

இதற்கு எளிய விதி ஒன்று உண்டு. வலுவற்ற பக்கத்தில் முதலில் செய்ய வேண்டும். அது சரியான நிலையில் எத்தனை முறை செய்ததோ, அதே எடையில் அதே எண்ணிக்கையோடு வலுவான பக்கம் நிறுத்திக்கொள்ள வேண்டும். வேறுபாடு மூன்று முறைக்கு மேல் இருந்தால் வலுவற்ற பக்கத்துக்கு ஒரு செட் கூடுதலாகத் தரலாம். வேறுபாடு ஒன்றிரண்டு முறைக்குள் வந்ததும் அந்தக் கூடுதல் செட்டை விட்டுவிடலாம். எந்தப் பக்கம் வலுவற்றது என்பதை எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகிக்கக் கூடாது. தூக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கவாட்டு பிளாங்க்கைப் புடைத்த பக்கம் கீழே இருக்கும்படி மட்டும் செய்தால் வளைவு குறையும் என்று 2014இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு கூறியது. அதில் இருந்தவர்கள் 25 பேர்தான். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. அதை முயன்று பார்க்கலாம். ஆனால் வளைவு நிமிர்ந்துவிடும் என்று நம்பி மற்றப் பயிற்சிகளைக் கைவிடக் கூடாது.

முதுகின் நிலைக்கான சொற்கட்டளைகள் சிலவே போதும். முதலாவது, உச்சந்தலையை மேலே தள்ளுவது போல் உயரமாவது. கண்ணாடியில் நேராகத் தெரிவதற்காக உடம்பை மறுபக்கம் சாய்த்தால் வளைவுக்கு மேலோ கீழோ இன்னொரு சாய்வு உண்டாகிவிடும். மேல்நோக்கி நீள்வதில் அந்த ஆபத்து இல்லை. இரண்டாவது, விலாக்கூட்டை இடுப்பெலும்புக்கு நேர் மேலே நிறுத்துவது. மார்பை முன்னே தள்ளி நிமிர்வது கீழ்முதுகை உள்வளைக்குமே தவிர நீட்டாது. மூன்றாவது, மூச்சு. எடையைத் தூக்கும் முன் இழுக்கும் காற்று வயிற்றோடு நில்லாமல் கீழ் விலாவின் பக்கங்களுக்கும் பின்புறத்துக்கும் பரவ வேண்டும். குழிந்த பக்கத்தின் விலாவில் ஒரு கையை வைத்து, அந்தக் கையைத் தள்ளும்படி மூச்சை இழுத்துப் பழகலாம். பிறகு வயிற்றை இறுக்கி எடையைத் தூக்க வேண்டும். நான்காவது, இரு பாதங்களிலும் பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் ஆகிய மூன்று இடங்களிலும் தரையை ஒரே அழுத்தத்தில் மிதிப்பது.

எடுத்துக்காட்டாக, 26 வயது அலுவலக ஊழியர் ஒருவருக்கு நடுமுதுகில் வலப்பக்கம் 17 டிகிரி வளைவு இருப்பதாகவும், வலி இல்லை என்றும், மருத்துவர் பயிற்சிக்கு அனுமதித்துவிட்டார் என்றும் வைத்துக்கொள்வோம். முதல் நாள் 10 கிலோ டம்பெல்லால் ஒற்றைக் கை ரோ செய்தபோது வலக்கையில் 12 முறை, இடக்கையில் 8 முறை வந்தது. ஒன்பதாவது முறையில் இடத்தோள் மேலே திரும்பி உடம்பு முறுக்கிக்கொண்டதால் அது கணக்கில் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் அவர் காப்லெட் ஸ்குவாட் மூன்று செட், டம்பெல் டெட்லிஃப்ட் மூன்று செட், டம்பெல் பென்ச் பிரஸ் மூன்று செட் செய்கிறார். அதன் பிறகு ரோவில் இடக்கை முதலில் 8 முறை, வலக்கையும் 8 முறை என மூன்று செட். இடக்கைக்கு மட்டும் நான்காவது செட். கடைசியில் பக்கத்துக்கு 20 நொடி பக்கவாட்டு பிளாங்க்கும், பக்கத்துக்கு 20 மீட்டர் சூட்கேஸ் கேரியும். இடக்கை 10 முறையை எட்டியதும் வலக்கை 12 செய்யக்கூடியது என்பது பெரிய வேறுபாடு அல்ல. நான்காவது செட் நிறுத்தப்படுகிறது. இருபக்கப் பயிற்சியில் எல்லாச் செட்களிலும் 10 முறை முறுக்கமின்றி முடிந்தால் மட்டும் 2 கிலோ அளவில் எடை கூடுகிறது.

தவறு நடக்கிறதா என்பதை அறிய, செல்பேசியைப் பின்னால் இடுப்பு உயரத்தில் வைத்துப் படம் பிடிப்பது நல்லது. ஸ்குவாட்டில் எழும்போது இடுப்பு ஒரு பக்கம் நகர்வது, பார்பெல்லின் ஒரு முனை தாழ்வது, ஒரு குதிகால் தரையிலிருந்து எழுவது ஆகியவை முறையாகத் திரும்பத் திரும்பத் தெரிந்தால் எடையைக் குறைக்க வேண்டும். அசையாமல் நிற்கும்போதே இருக்கும் சிறு சாய்வு அவருடைய இயல்பான வடிவம். அதைத் திருத்த முயல வேண்டாம். எடை ஏறும்போது அந்தச் சாய்வு கூடுகிறதா என்பதையே கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் தசை சற்று அதிகமாகக் களைப்பதும் இயல்பு. முதுகெலும்பை ஒட்டிய கூர்மையான வலியோ, இரண்டு மூன்று நாளாகியும் தணியாத வலியோ அப்படியல்ல. அப்போது அந்தப் பயிற்சியை மாற்ற வேண்டும். உடம்பைத் திருப்பிக்கொண்டே எடை வீசும் பயிற்சிகளையும், கனமான எடையோடு பக்கவாட்டில் வளையும் பயிற்சிகளையும் தொடக்கக் காலத்தில் தவிர்ப்பது நல்லது.

சில நிலைகளில் ஜிம்முக்கு முன் மருத்துவரே தேவை. இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு வளைவு சில மாதங்களிலேயே கூடலாம் என்பதால், அவர்கள் மருத்துவரின் தொடர் கண்காணிப்பில் இருந்தபடிதான் பயிற்சி செய்ய வேண்டும். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் முதுகுவலி, காலில் மரத்துப்போதல் அல்லது பலவீனம், சிறுநீர் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல் ஆகியவை எந்த வயதிலும் எச்சரிக்கைகள். இவற்றில் எதுவும் இல்லாத லேசான வளைவுக்காரர், மற்றவர்களைப் போலவே படிப்படியாக எடையைக் கூட்டிச் செல்லலாம். எண்ணிக்கையை எப்போதும் வலுவற்ற பக்கமே முடிவு செய்யட்டும்.